போர்டிகோ பாலிகார்பனேட் கூரை: டேப் ஒட்டும்போது கவனம்

தர்மபுரியில் எங்கள் போர்டிகோ 12 அடி அகலம், சரிவு 10 அடி. 4 அடி அகல மல்டிவால் ஷீட் மூன்று போதுமானது. இரண்டு இணைப்புக்கும் அலுமினிய எச் செக்‌ஷன், கீழ் விளிம்புக்கு யூ செக்‌ஷன். ஷீட்டுக்குள் நீளவாக்கில் இருக்கும் வெற்றுக் குழாய்கள் சரிவை ஒட்டியே ஓட வேண்டும்.

பலரும் தவறுவது இந்தக் குழாய்களின் முனைகளில் ஒட்டும் டேப்பில்தான். மேல் முனைக்கு முழு அடைப்பு அலுமினிய டேப். கீழ் முனைக்கோ, காற்று போகும் நுண்துளை டேப். அங்கேயும் முழுசாக அடைத்தால் உள்ளே கோர்த்த ஈரம் வடியாது. சில மாதத்தில் குழாய்க்குள் பச்சைப் பாசி தெரியும். அப்புறம் கழுவவே முடியாது.

வெயிலில் ஷீட் நீளும். அதனால் ஸ்க்ரூ துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், செக்‌ஷனுக்குள்ளும் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இறுக்கிவிட்டால் மதியத்தில் படபடவென்று சத்தம் வரும்.