நெஞ்சு எக்ஸ்ரேயில் வெண்மையெல்லாம் நீர் அல்ல

நெஞ்சு எக்ஸ்ரேயின் ஒரு பக்கம் முழுவதும் வெண்மையாகத் தெரிந்தவுடன், நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது ஆபத்தான தவறு. காற்று நிறைந்திருப்பதால்தான் நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. காற்று இல்லாத இடத்தில் நீர் இருந்தாலும், சுருங்கிப்போன நுரையீரலே இருந்தாலும், இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையைத்தான் காட்டும். ஆகவே வெண்மையை உற்றுப் பார்ப்பதைவிட, அதன் அருகில் உள்ள உறுப்புகள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

நெடுங்காலம் புகைபிடித்த, மூச்சுத்திணறலோடு வரும் அறுபது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்; அவருடைய படத்தில் இடப்பக்கம் முழுதும் வெண்மை. அந்த அளவுக்கு மறைக்கும் நீர் என்றால் லிட்டர் கணக்கில் இருக்கும். அது மூச்சுக்குழாயையும் இதயத்தையும் வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் இவருக்கு மூச்சுக்குழாய் இடப்பக்கமே இழுபட்டிருக்கிறது, இடப்பக்க விலா எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றன. அப்படியென்றால் இடது மூச்சுக்கிளைக் குழாய் அடைபட்டு நுரையீரல் சுருங்கியிருக்கிறது. புகைபிடித்தவரிடம் அந்த அடைப்பு கட்டியாக இருக்கலாம் என்ற ஐயமே முதலில் எழ வேண்டும். இங்கே நீர் எடுப்பதாக நினைத்து ஊசி குத்தினால் எடுக்க நீர் இருக்காது என்பதோடு, இதயமும் அந்தப் பக்கமே நகர்ந்திருப்பதால் கேடும் விளையலாம். படுக்கையருகிலேயே செய்துவிடக்கூடிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சில நிமிடங்களில் நீர் உண்டா இல்லையா என்று காட்டிவிடும், பிறகு சி.டி. ஸ்கேனும் மூச்சுக்குழாய் உள்நோக்கியும் அடைப்பின் காரணத்தைத் தேடும். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு இதே படம் வந்தால், சுவாசக் குழாய் அளவுக்கு மீறி உள்ளே இறங்கி வலது கிளைக்குள் போய்விட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாய் நடுவிலேயே இருந்தால் குழப்பம் கூடும், ஏனெனில் அடைப்பால் ஏற்படும் இழுப்பும் நீரின் தள்ளலும் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம். நோயாளி சற்றுத் திரும்பிய நிலையில் படம் எடுத்திருந்தாலும் மூச்சுக்குழாய் விலகியதுபோலத் தோன்றும் என்பதால், இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே அந்த விலகலை நம்ப வேண்டும்.

நீர் குறைவாக இருக்கும்போது நேர்மாறான தவறு நிகழ்கிறது. நிற்கவைத்து எடுத்த படத்தில், உதரவிதானமும் விலாச்சுவரும் சந்திக்கும் கூரிய மூலை மழுங்கித் தெரிவதற்கே ஏறக்குறைய 200 மி.லி. நீர் வேண்டும். படுத்திருப்பவரிடம் நீர் முதுகுப்பக்கமாகப் பரவிவிடுவதால் அந்த மூலை கூர்மையாகவே இருக்க, ஒரு பக்கம் மட்டும் மெல்லிய திரை போட்டதுபோல் மங்கலாகவும், அதன் ஊடே நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தெரிந்தும் இருக்கும். அந்த மங்கலைப் படத்தின் தரக்குறைவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

நுரையீரல் சுருங்குவதற்கு இன்னொரு வழியும் உண்டு: அதன் உறைக்குள் காற்று புகுவது. அப்போது மெல்லிய வெண்கோடு ஒன்று தெரியும்; அதற்கு அப்பால் ரத்தக்குழாய்களே தெரியாது. தோல் மடிப்பும் அப்படி ஏமாற்றும் என்றாலும், அது கோடாக இல்லாமல் ஓரமாகத் தெரியும், அதற்கு அப்பாலும் ரத்தக்குழாய்கள் தொடரும், சில வேளைகளில் நெஞ்சுக்கூட்டுக்கு வெளியேயும் நீளும். படுத்த நிலையில் காற்று முன்புறமும் கீழ்ப்புறமும் சேர்வதால் உச்சியில் கோடே இல்லாமல் போகலாம். கீழ்மூலை மறுபக்கத்தைவிட ஆழமாகவும் கறுப்பாகவும் தெரிவது அங்கே முக்கியமான துப்பு. மூச்சு முட்டி ரத்த அழுத்தமும் சரிகிற நோயாளியிடம், உறைக்குள் காற்று அழுத்தமாகச் சேர்ந்திருக்கும் அறிகுறிகள் இருந்தால், படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

இதய வீக்கம் என்ற முடிவும் பெரும்பாலும் அவசரத்தில் எழுதப்படுகிறது. இதய நிழலின் அகலத்தை நெஞ்சுக்கூட்டின் உட்புற அகலத்தால் வகுத்து, பெரியவர்களிடம் 0.5-க்கு மேல் இருந்தால் பெரிது என்கிறோம். இந்த அளவு, சுமார் 180 செ.மீ. தொலைவிலிருந்து முதுகுப்பக்கமாகக் கதிரைச் செலுத்தி, மூச்சை நன்றாக உள்ளிழுத்து நிற்பவரிடம் எடுத்த படத்துக்கே பொருந்தும். படுக்கையில் முன்புறமிருந்து, குறைந்த தொலைவில் எடுக்கும்போது இதயம் படத்தகட்டிலிருந்து விலகியிருப்பதால் நிழல் பெரிதாகிவிடுகிறது; உதரவிதானமும் மேலேறி இதயத்தைக் கிடத்திவிடுகிறது. படுக்கையில் 29 செ.மீ. நெஞ்சுக்குள் 16 செ.மீ. இதயம் என்று 0.55 வந்தவருக்கே, மறுநாள் நிற்கவைத்து எடுத்தால் 30-க்கு 14 என்று 0.47 வரக்கூடும். மேலும் படம் காட்டுவது இதயத்தை மட்டுமல்ல, அதன் உறையையும் சேர்த்த நிழலை. உறைக்குள் நீர் சேர்ந்தாலும் அது உருண்டு பெரிதாகும். இரண்டில் எது என்பதை எக்கோ பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும்.