கல்விக்கடன் தவணை கல்லூரிக்கு வரலையா? யூடிஆர் எண்ணைக் கேளுங்க

"பணம் அனுப்பியாச்சு" என்கிறது வங்கி. "வரலை" என்கிறது கல்லூரி. நடுவில் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நமக்கு.

முதலில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். தவணைத் தொகை பற்றாக ஏறவில்லை என்றால் பணம் இன்னும் கிளம்பவே இல்லை. பெரும்பாலும் போன செமஸ்டர் மதிப்பெண் பட்டியலோ, இந்த வருடக் கட்டணக் கடிதமோ, நம் பங்குத் தொகையோ பாக்கி இருக்கும்.

பற்று ஏறியிருந்தால் கிளையில் யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான அடையாள எண்ணை, எழுதி வாங்குங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து, நெஃப்ட் என்றால் 16 இடம், ஆர்டிஜிஎஸ் என்றால் 22 இடம் இருக்கும். கூடவே எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினார்கள் என்பதையும் கேளுங்கள். கல்லூரி வங்கியை மாற்றியிருக்கும், கிளையில் பழைய எண்ணே கிடக்கும். அப்படியானால் பணம் பெரும்பாலும் திரும்பியிருக்கும்; ஸ்டேட்மென்டில் அதே தொகை வரவாகத் தெரியும்.

என் மகளுக்கு நடந்தது வேறு. 85,000 ரூபாய் போய்ச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. குறிப்பில் அவள் பெயரோ பதிவு எண்ணோ இல்லை, வங்கிக் கிளையின் பெயர் மட்டும்தான். யார் கட்டணம் என்று தெரியாமல் ஓரமாக வைத்திருந்தார்கள். யூடிஆர், தேதி, தொகை, பதிவு எண் நான்கையும் போட்டு, கட்டணக் கவுன்டருக்கு இல்லாமல் நேராகக் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே ரசீது வந்தது.

பணம் திரும்பி வந்திருந்தால், இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.