பழைய சி.எஸ்.ஆர். ஒன்றால் நின்ற பாஸ்போர்ட்

போலீஸ் விசாரணை முடிந்தும் பாஸ்போர்ட் வரவில்லை. 'பாதகமான அறிக்கை' என்று விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வந்தது. இப்போது குடியிருக்கும் பெரம்பூர் காவல் நிலையத்தில் கேட்டால், "எங்களிடம் எதுவும் இல்லை சார்" என்றார்கள். வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்ற அனுமதி வாங்கச் சொன்னார். வழக்கே இல்லாதபோது எந்த நீதிமன்றத்தில் கேட்பது?

அப்புறம்தான் தெரிந்தது, தடை முன்பு குடியிருந்த வேளச்சேரியிலிருந்து வந்திருக்கிறது. பார்க்கிங் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். போட்டிருந்தார்கள். சமாதானமாகிவிட்டோம், ஆனால் பதிவேட்டில் அது முடிக்கப்படவில்லை.

பலர் கவனிக்காத விஷயம் இது: சி.எஸ்.ஆர். என்பது புகார் பெற்றதற்கான பதிவு மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6(2)(எஃப்) குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைத்தான் சொல்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். அதில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் விளக்கியிருக்கிறது.

சரி என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு பழைய நிலையத்துக்குப் போனேன். இருவரும் சமரசக் கடிதத்தில் கையெழுத்திட்டு, சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, 'முடிக்கப்பட்டது' என்று எழுத்தில் வாங்கினோம். அதன் நகலை விளக்கக் கடிதத்தோடு இணைத்து, மறுவிசாரணை கேட்டேன். இந்த முறை அறிக்கை சாதகமாகப் போனது, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது.