தலைப்பில் அரக்கு, படத்தில் பச்சை: ஏற்றுவதற்கு முன் ஏஐ மாடலை வைத்துச் சரிபார்க்கையில் செய்யும் தவறுகள்

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளிக் கடைகளுக்கு ஆன்லைன் கேட்டலாக் போட்டுக் கொடுக்கும் நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை ஒரே மாதிரிதான். கடையிலிருந்து ஒரு ஃபோல்டர் நிறையப் படங்களும் ஒரு எக்செல் ஷீட்டும் வரும். தலைப்பு, விலை, நிறம் எல்லாம் ஷீட்டில் இருக்கும். எந்த வரிசைக்கு எந்தப் படம் என்று இணைத்து ஏற்ற வேண்டும். ஒரே டிசைன் ஐந்து நிறத்தில் வரும்போதுதான் கோளாறு. அரக்குப் புடவையின் தலைப்புக்குப் பச்சைப் புடவையின் படம் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்கியவர் திருப்பி அனுப்புவார், போக்குவரத்துச் செலவு கடைக்காரர் தலையில் விழும்.

படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் ஏஐ மாடல்கள் இப்போது மலிவாகவே கிடைப்பதால், ஏற்றுவதற்கு முன் அவற்றைக் கொண்டு ஒரு சோதனை வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சோதனையைப் பெரும்பாலானவர்கள் அமைக்கும் விதத்தில் பச்சைப் புடவை கண்ணுக்கு முன்னாலேயே நழுவிப் போகும்.

முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. படத்தையும் தலைப்பையும் சேர்த்துக் கொடுத்து, "இந்தப் படம் இந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதா?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டால் மாடல் "ஆமாம்" பக்கமே சாயும். தலைப்பில் பட்டு, புடவை, பார்டர், அரக்கு, பச்சை என்று ஆறேழு விவரம் இருக்கும். அதில் ஐந்து பொருந்தினால் மீதியையும் பொருந்தியதாகவே எடுத்துக்கொள்ளும். பதிலைக் கையில் கொடுத்துவிட்டு வைக்கும் பரீட்சை இது.

தலைப்பை மறைத்துவிட வேண்டும். படத்தை மட்டும் கொடுத்து, என்ன தெரிகிறது என்று குறிப்பிட்ட கட்டங்களில் எழுதச் சொல்லுங்கள். நிறத்துக்கும் பொருள் வகைக்கும் ஒரு பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து மட்டுமே எடுக்கச் சொல்லுங்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் அப்படியே சொல்வதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லாவிட்டால் மாடல் ஊகித்து எதையாவது நிரப்பும். பதில் இந்த மாதிரி வரும்:

```
{"type": "saree", "body": "green", "border": "maroon",
 "blouse": "maroon", "clear": true}
```

தலைப்போடு ஒப்பிடும் வேலையை மாடலிடம் விடாதீர்கள். அதைச் சாதாரண நிரல் பார்த்துக்கொள்ளும். தலைப்பு "அரக்கு பட்டுப் புடவை, பச்சை பார்டர்" என்று வைத்துக்கொள்வோம். ஷீட்டில் உடல் அரக்கு, பார்டர் பச்சை. மாடல் பார்த்தது உடல் பச்சை, பார்டர் அரக்கு. இரண்டு கட்டமும் மாறியிருக்கின்றன, வரிசை சிவப்புக் கொடிக்குப் போகிறது. முன்பு சொன்ன ஆமாம்-இல்லை கேள்வியில் இதே படம் தாராளமாகத் தேறியிருக்கும். அரக்கும் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

கோர்வைப் புடவைகளில் இந்தச் சிக்கல் அன்றாடம் வரும். உடலும் பார்டரும் நேரெதிர் நிறங்களில் இருப்பதே அதன் அழகு. அதனால் "நிறம் என்ன?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பது வீண். மாடல், புடவை அணிந்திருக்கும் பெண்ணின் ரவிக்கையைச் சொல்லலாம், அகலமான பார்டரைச் சொல்லலாம், முந்தானையையும் சொல்லலாம். உடல், பார்டர், ரவிக்கை மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, தலைப்பில் எது இருக்கிறதோ அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்காமல் படத்துக்கும் வாசகத்துக்கும் பொருத்த மதிப்பெண் மட்டும் தரும் கிளிப் போன்ற மாடல்களை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப், எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதில் பலவீனமானது. "அரக்கு உடல், பச்சை பார்டர்", "பச்சை உடல், அரக்கு பார்டர்" என்ற இரண்டு வாசகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் கொடுக்கும். அது சதவீதமும் இல்லை. சரியான படத்துக்கே 0.3-ஐ ஒட்டித்தான் வரும் என்பதால், "0.8-க்கு மேல் வந்தால் தேர்ச்சி" என்று கோடு போட்டால் எல்லாமே தோற்கும். ஒற்றை நிற டீ-ஷர்ட்டுக்குக் கிளிப் போதும். பட்டுப் புடவைக்கு, கட்டம் கட்டமாகப் பதில் சொல்லும் மாடல்தான் சரி.

கிளிப்பைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அதன் வழக்கமான முன்தயாரிப்பு, படத்தின் குறுகிய பக்கத்தை 224 பிக்சலுக்குச் சுருக்கிவிட்டு நடுவிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுக்கும். 1000-க்கு 1500 அளவில் நிற்கும் ஆளின் படம் 224-க்கு 336 ஆகும்; மேலே 56, கீழே 56 பிக்சல் போய்விடும். அதாவது மூன்றில் ஒரு பங்கு படத்தை மாடல் பார்ப்பதே இல்லை. சுடிதார் செட்டில் பேன்ட் காணாமல் போகும், "வெறும் குர்தா" என்ற வாசகத்துக்கே மதிப்பெண் கூடும். சதுரமாக நிரப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. போனில் எடுத்த படம் படுத்துக் கிடப்பதையும் அதே இடத்தில் சரி செய்துவிடலாம்:

```
from PIL import Image, ImageOps
im = ImageOps.exif_transpose(Image.open(path)).convert("RGB")
s = max(im.size)
im = ImageOps.pad(im, (s, s), color=(128, 128, 128))
```

ஓரத்துக்கு வெள்ளைக்குப் பதில் சாம்பல் போட்டிருப்பது கேரளா செட்டுப் புடவை மாதிரி வெளிர் துணிகள் கரைந்துபோகாமல் இருக்கத்தான்.

அடுத்தது நிறத்தின் பெயர். கடைக்காரர் எழுதும் பெயர் வேறு, மாடல் சொல்லும் பெயர் வேறு. ஷீட்டில் மயில்கழுத்து என்று இருக்கும், மாடல் நீலம் என்னும், நிரல் கொடி தூக்கும். கடைக்குப் போன் போட்டால், "தம்பி, மயில்கழுத்து நீலந்தான்பா, பச்சையுந்தான். புடவைய லேசாத் திருப்பிப் பாரு" என்று பதில் வரும். அவர் சொல்வது முழுக்க உண்மை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் போட்டு நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்குத் தக்க மாறும். படமோ ஒரே கோணத்தில் எடுத்தது.

இதற்கு ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். இடப்பக்கம் கடை எழுதும் பெயர், வலப்பக்கம் ஏற்றுக்கொள்ளக்கூடிய பொதுநிறங்கள். மயில்கழுத்துக்கு நீலம், பச்சை இரண்டும். அரக்குக்கு மெரூன், சிவப்பு, பிரவுன் மூன்றும். வாடாமல்லிக்குப் பிங்க், பர்ப்பிள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூவுக்கு நீலம் மட்டும் போதும். கடைக்குக் கடை வழக்கு மாறும் என்பதால் பட்டியலை அந்தந்தக் கடைக்காரரோடு உட்கார்ந்து எழுதுவதே நல்லது. அரைமணி நேர வேலைதான். பொதுநிறங்களைப் பன்னிரண்டு, பதினான்குக்குள் நிறுத்துங்கள். கிளிப்பச்சையா இலைப்பச்சையா என்று மாடலோடு மல்லுக்கட்டினால் பொய்க் கொடிகள் குவியும், இரண்டு நாளில் அதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இதையொட்டி ஒரு எதிர்பார்ப்பையும் விட்டுவிட வேண்டும். கடையின் டியூப்லைட்டில் எடுத்த படத்தில் நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, நேரில் இன்னும் அடர்த்தி என்பதை இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. மாடல் பார்ப்பது படத்தைத்தான், துணியை அல்ல. பச்சைக்குப் பதில் மெரூன் வந்தால் பிடிக்கும், அவ்வளவே. சரிகை அசலா, பட்டா பாலியெஸ்டரா என்பதும் அப்படித்தான். அதையெல்லாம் மாடலிடம் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும், நம்பத்தான் கூடாது.

பொருள் வகையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "இது என்ன பொருள்?" என்று கேட்காமல், "படத்தில் என்னென்ன உருப்படிகள் தெரிகின்றன?" என்று கேளுங்கள். குர்தா, பேன்ட், துப்பட்டா என்று தனித்தனியாக வரட்டும். படத்தில் துப்பட்டா இருந்து பெட்டியில் இல்லாவிட்டால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். ஆனால் படத்தில் தெரிவதெல்லாம் விற்பனைக்கும் இல்லை. குர்தா விளம்பரத்துக்கு நிற்கும் பெண் கீழே ஏதாவது அணிந்துதானே ஆக வேண்டும். அதனால் பேன்ட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம், துப்பட்டாவுக்குக் கூடாது என்பது என் கணக்கு. தைக்காத சுடிதார் மெட்டீரியலைத் தைத்துப் போட்டுக் காட்டும் படங்கள் இந்தச் சோதனையில் எப்போதுமே தோற்கும். அந்த வகைக்கு இந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள்.

சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு, இதைப் பலரும் செய்வதில்லை. கையால் சரிபார்த்த நூறு வரிசைகளை எடுத்து ஓட்டுங்கள். எத்தனை பொய்க் கொடி வருகிறது என்று தெரியும். பிறகு அதே நூறில் வேண்டுமென்றே படங்களை மாற்றி வைத்து ஓட்டுங்கள். எத்தனை நழுவுகிறது என்று தெரியும். மாற்றும்போது புடவைக்குச் சட்டையை வைத்தால் எந்த மாடலும் பிடித்துவிடும், அதில் ஒன்றும் தெரியவராது. ஒரே டிசைனின் வேறு நிறத்தை வையுங்கள். நிஜத்தில் நடக்கும் தவறு அதுதான்.

அப்புறம், கொடி விழுந்த வரிசையை என்ன செய்வது? மாடல் சொன்ன நிறத்தைத் தலைப்பில் தானாக மாற்றி எழுதும்படி சிலர் நிரலை அமைத்துவிடுகிறார்கள். இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். தலைப்பு சரியாக இருந்து, படம்தான் தவறாக வந்திருக்கும். தலைப்பைப் படத்துக்கேற்ப மாற்றினால் மேலோட்டமாகப் பொருந்திவிடும். ஆனால் விலையும் ஸ்டாக் எண்ணும் பழைய அரக்குப் புடவையுடையதாகவே இருக்கும். ஆர்டர் வந்ததும் கடைப் பையன் ஸ்டாக் எண்ணைப் பார்த்து அரக்கை எடுத்துப் பேக் செய்வான். வாங்கியவர் பச்சை கேட்டிருப்பார். பிடிபட வேண்டிய தவறைச் சோதனையே மூடி மறைத்ததாக ஆகிவிடும்.

கொடி விழுந்தால் முதலில் மேலும் கீழும் இருக்கும் வரிசைகளைப் பாருங்கள். ஒரு ஷீட்டில் 41-ஆம் வரிசை வரை அமைதி, 42-லிருந்து கொடி மேல் கொடி என்று வைத்துக்கொள்வோம். 42-க்கு மாடல் சொன்ன நிறம் 43-இன் தலைப்போடும், 43-க்குச் சொன்னது 44-இன் தலைப்போடும் பொருந்தினால், 42-இன் படம் ஃபோல்டரில் இல்லை, மீதி எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிட்டது என்று பொருள். விடுபட்ட அந்தப் படத்தைக் கடையிலிருந்து வாங்கி வைத்தால் மொத்தமும் சரியாகிவிடும். இடையில் கொடி விழாத வரிசைகளையும் தேறியதாக எண்ணிவிட வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு புடவையும் பச்சையாக இருந்தால், நகர்ந்துபோன படமும் தேறிவிடும். அதனால் முதல் கொடியிலிருந்து ஷீட்டின் கடைசி வரை மறுபடி இணைத்து, இன்னொரு முறை ஓட்டிய பிறகு ஏற்றுங்கள்.