ஆடிட்டர் கேட்கும் பேலன்ஸ் வித்தியாசத்துக்குப் பதில் எழுதுவது எப்படி?

“31.3.2025 அன்று உங்கள் லெட்ஜரில் இந்த சப்ளையருக்குத் தர வேண்டியது ரூ. 4,12,600. சப்ளையர் உறுதிக் கடிதத்தில் ரூ. 4,49,900. வித்தியாசம் ரூ. 37,300. விளக்கம் தரவும்.” மண்ணடியில் உள்ள ஓர் இரும்புக் கடையின் கணக்கை எழுதி வரும் எனக்கு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த கேள்வி இவ்வளவுதான். தொகைகளை மட்டும் மாற்றி, அதற்கு நான் பதில் எழுதிய விதத்தை இங்கே விளக்குகிறேன்.

முதலில், உறுதிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதக் கூடாது. அதில் இருப்பது ஒரே ஒரு தொகை. சப்ளையரிடம் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான முழு ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கி, நம் லெட்ஜருடன் வரிக்கு வரி டிக் போட்டுக்கொண்டே வர வேண்டும். இரண்டு பக்கமும் டிக் விழாமல் நிற்பவைதான் வித்தியாசத்தின் காரணங்கள். எனக்கு மூன்று நின்றன.

பெரியது ரூ. 35,400. சரக்கு ரூ. 30,000, ஜிஎஸ்டி ரூ. 5,400. பில் தேதி மார்ச் 29; அன்றே கோவையில் லோடு ஏற்றிவிட்டார்கள். 31ஆம் தேதி ரம்ஜான் விடுமுறை என்பதால் எங்கள் மணலி குடோன் பூட்டியிருந்தது, சரக்கு ஏப்ரல் 2ஆம் தேதிதான் இறங்கியது. குடோன் ரிஜிஸ்டரைப் பார்த்து பில் போடும் எங்கள் பையன் அதை ஏப்ரல் கணக்கில் சேர்த்துவிட்டான். இங்கே பார்க்க வேண்டியது, சரக்கு எப்போது நமக்குச் சொந்தமாகிறது என்பது. சப்ளையர் குடோனிலேயே டெலிவரி, லாரி வாடகையும் வழியில் நேரும் சேதமும் நம் பொறுப்பு என்பது எங்கள் ஆர்டரின் நிபந்தனை. ஆகவே லோடு ஏறியதுமே அது நம் சரக்கு. மார்ச் கணக்கில் வர வேண்டியது. நம் குடோனில் இறக்கித் தருவதுதான் நிபந்தனை என்றால் திருத்தமே தேவையில்லை, விளக்கம் மட்டும் போதும்.

இரண்டாவது ரூ. 900. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்குமோ என்று சந்தேகிப்பது கணக்கர்களின் பழைய வழக்கம். இங்கும் ரூ. 31,000 சரக்கு ரூ. 30,100 ஆகப் பதிவாகியிருந்தது. வரியை மட்டும் பில்லைப் பார்த்து ரூ. 5,580 என்று சரியாக அடித்திருந்ததாலும், GSTR-2B உடன் நாங்கள் வரித் தொகையை மட்டுமே ஒப்பிட்டு வந்ததாலும் இது மாதக்கணக்கில் கண்ணில் படவில்லை.

மூன்றாவது ரூ. 1,000. இரும்பு வெட்டிக் கொடுத்த கூலி ரூ. 50,000இல் நாங்கள் பிடித்த 2 சதவீத டிடிஎஸ். மார்ச் காலாண்டுக்கான படிவம் 16ஏ ஜூன் மாதத்தில்தான் கைக்கு வரும் என்பதால் சப்ளையர் அதை இன்னும் வரவு வைக்கவில்லை. இது நம் தவறு அன்று. நம் புத்தகத்தில் எந்தப் பதிவும் போடக் கூடாது. வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கும் ஆசையில் இதையும் சேர்த்து ரூ. 37,300க்கு ஒரே என்ட்ரி போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

திருத்தப் பதிவுகள், தேதி 31.3.2025:

```
1. வழியில் உள்ள சரக்கு  பற்று           30,000
   பின்னர் எடுக்கும் உள்ளீட்டு வரி  பற்று  5,400
       சப்ளையர்  வரவு                        35,400
2. கொள்முதல்  பற்று                        900
       சப்ளையர்  வரவு                           900
```

முதல் பதிவில் வரியைத் தனிக் கணக்கில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அந்த பில் மார்ச் மாத GSTR-2Bயில் தெரியும். ஆனாலும் பையன் அதை ஏப்ரல் கணக்கில் சேர்த்துவிட்டதால், மார்ச் ரிட்டர்னில் அந்த உள்ளீட்டு வரியை நாங்கள் எடுக்கவில்லை; ஏப்ரல் ரிட்டர்னில்தான் எடுத்தோம். பழைய வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றாமல், தனி ஜர்னலாகவே போடுங்கள். கம்பெனியாக இருந்தால் 1.4.2023 முதல் எடிட் லாக் கட்டாயம் என்பதால் மாற்றியது எப்படியும் தெரிந்துவிடும்.

பதில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

“வித்தியாசம் ரூ. 37,300இல் ரூ. 35,400 வழியில் இருந்த சரக்கு, ரூ. 900 எங்கள் பதிவுப் பிழை. இவற்றுக்கான ஜர்னல் 1, 2 இணைக்கப்பட்டுள்ளன. திருத்தத்துக்குப் பின் எங்கள் லெட்ஜர் பேலன்ஸ் ரூ. 4,48,900. மீதி ரூ. 1,000 சப்ளையர் பதிவு செய்யாத டிடிஎஸ். வழியில் இருந்த சரக்கு இறுதி இருப்பிலும் சேர்வதால் அதனால் லாபம் மாறாது; பிழையான பில்லின் சரக்கு முழுவதும் விற்றுவிட்டதால் லாபம் ரூ. 900 குறையும்.”

இணைப்பில் இரு தரப்பு லெட்ஜர், இரண்டு பில்கள், ஆர்டர் நகல், புறப்பட்ட தேதிக்கு இ-வே பில், இறங்கிய தேதிக்கு குடோன் ரிஜிஸ்டர் பக்கம், டிடிஎஸ் செலுத்திய சலான் ஆகியவற்றை வரிசை எண்ணிட்டு வைத்தேன்.

அனுப்பிய கையோடு, பையன் ஏப்ரலில் போட்டிருந்த அதே பில்லை நீக்கி, நிறுத்தி வைத்த ரூ. 5,400ஐ சிஜிஎஸ்டி ரூ. 2,700, எஸ்ஜிஎஸ்டி ரூ. 2,700 என்று அந்த மாதத்துக்கு மாற்றினேன். இதை விட்டிருந்தால் அடுத்த ஆண்டு அதே ரூ. 35,400 எதிர்ப்பக்கமாக நின்றிருக்கும்.