டேட்டிங் ப்ரொஃபைல் படங்கள்: ஆறிலும் ஒரே சிரிப்பு வேண்டாம்

என் அத்தை மகன் பெரம்பூரில் இருக்கிறான், வயது 31. போன மாதம் போனை நீட்டி, "மச்சான், நீ கல்யாண போட்டோ எடுக்கிறவன்தானே, இதுல என்ன தப்புன்னு சொல்லு" என்றான். ஹிஞ்ச் ஆப்பில் ஆறு படம் போட்டிருந்தான். ஜாதகத்தோடு கொடுக்க ஸ்டுடியோவில் எடுத்த நீலச் சட்டைப் படம், அக்கா கல்யாணத்தில் கோட் போட்ட படம், அதே கோட்டில் இன்னொன்று, காரில் உட்கார்ந்து எடுத்த செல்ஃபி, ஜிம் கண்ணாடி செல்ஃபி, கோவாவில் கூலிங் கிளாஸோடு ஒன்று.

ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் சுமாராக இருந்தது. சேர்த்துப் பார்த்தால் இவன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வான் என்று ஒரு துளியும் தெரியவில்லை. ஸ்டுடியோ படம் பெரியவர்கள் 'லட்சணமாக இருக்கிறான்' என்று சொல்வதற்காக எடுப்பது. ஆப்பில் நிலைமை வேறு. ஹிஞ்ச்சில் ஏதாவது ஒரு படத்தைத் தொட்டு, அதற்குக் கீழேயே கருத்து எழுதித்தான் பலரும் பேச்சை ஆரம்பிப்பார்கள். நீலச் சட்டையைப் பார்த்து என்ன எழுத முடியும்? 'நல்ல சட்டை' என்றா?

ஆகவே நான் பார்க்கும் முதல் தவறு, கேட்பதற்கு ஒன்றுமில்லாத படம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்களை அதிகம் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டி, "இதைப் பார்த்தால் என்ன கேட்கத் தோணுது?" என்று விசாரியுங்கள். "நல்லா இருக்கே" என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் படத்தை எடுத்துவிடலாம்.

இரண்டாவது தவறு, முதல் தவறைத் திருத்தப் போய் வருவது. 'இயல்பாக' ஒரு படம் வேண்டும் என்று கடற்கரைக்குப் போய், எங்கோ பார்த்துச் சிரிப்பது, படிக்காத புத்தகத்தைக் கையில் பிடிப்பது, காலிக் காபிக் கோப்பையை உதட்டில் வைப்பது. இந்த போஸ்களைச் சொல்லிக்கொடுத்த பாவத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. கை எதையும் செய்யாதபோது தோள் இறுகிவிடும், சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனாலும் பொய் என்று பட்டுவிடும். எப்படியும் செய்யப்போகிற வேலையைச் செய்யவிட்டு எடுப்பதுதான் வழி.

இவன் எப்படியும் செய்கிற வேலை எது என்று விசாரித்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போய் மீன் வாங்குகிறான். அதைச் சொல்லவே கூச்சப்பட்டான். "மீன் மார்க்கெட் படத்தை யாராவது போடுவாங்களா? சைவம் சாப்பிடுறவங்க ஓடிருவாங்களே" என்றான். ஓடட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் வஞ்சிரம் வீட்டுக்குள் வரும்போது ஓடுவதைவிட இப்போது ஓடுவது இரண்டு பேருக்குமே நல்லது.

அடுத்த ஞாயிறு காலையில் கூடவே போனேன். என் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு அவன் தம்பியின் போனைத்தான் எடுத்துப்போனேன். முதலில் லென்ஸை பனியன் துணியால் துடைத்தேன். பாக்கெட்டிலேயே கிடக்கும் போனில் விரல் எண்ணெய் படிந்து, விளக்குகளைச் சுற்றி மங்கலான வட்டம் விழும். பல படங்கள் 'என்னமோ மாதிரி' இருப்பதற்கு இது ஒன்றே காரணம்.

அப்புறம் தூரம். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால், அதற்கு இன்னும் அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். 2018-ல் அமெரிக்காவில் முகச் சீரமைப்பு மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 5 அடியிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்திலிருந்து எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. காரில் எடுத்த படத்தில் அவன் முகம் வேறு யாரோ போல இருந்தது இதனால்தான். நான் ஆறு ஏழு அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் 2x வைத்தேன். 0.5 பக்கம் போகவே கூடாது. ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபட்டுவிடும்.

தம்பி உடனே போர்ட்ரெய்ட் மோடைப் போடச் சொன்னான். நான் மறுத்துவிட்டேன். அந்த மோடு முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மங்கலாக்கும். நமக்கு வேண்டியதே அந்த மற்றதுதான்: ஐஸ் பெட்டி, தராசு, ஈரத்தரை. அதிலும் தலைமுடி ஓரத்தையும் காது மடலையும் சேர்த்தே மங்கலாக்கிவிடும் போன்கள் உண்டு. முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி செட்டிங்கையும் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் நாம் கேட்காமலே அது ஓடிக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறவில்லை, வெளிச்சம் கிழக்கே கடல் பக்கமிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. அவனை மட்டும் கிழக்கு நோக்கி நிற்கச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. குனிந்து ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தான், விலை கேட்டான், பாதிக்குக் கேட்டான். மீன்கார அக்கா ஏதோ திட்டினார். இவன் நிமிர்ந்து சிரித்தான். அந்தப் பத்து நொடியில் பொத்தானை அழுத்தியபடியே முப்பது படம் எடுத்தேன். இருபத்தெட்டை அழித்தோம். அக்காவிடம் படத்தைக் காட்டியபோது, "என் மூஞ்சி வேணாம் கண்ணு" என்றார். அவர் கையும் தராசும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிக்கொண்டோம்.

இந்தப் படத்தை முதலில் வைக்கலாமா என்றால், வேண்டாம். முதல் இடத்தில் கண் தெரிய, மார்புக்கு மேலே, தனியாக நிற்கும் ஒரு படம் இருக்கட்டும். அதற்கு மொட்டைமாடியில் சாயங்காலம் நிழலில் அம்மாவோடு பேசும்போது தம்பி எடுத்ததைப் போட்டோம். மீன் இரண்டாவது. கோட் போட்ட படம் ஒன்று தங்கியது. நல்ல துணியிலும் ஒன்று இருக்கலாம், தப்பில்லை. ஜிம், கார், கோவா மூன்றும் போயின. கோவா படம் நான்கு வருடம் பழையது, அப்போது இவனுக்கு இன்னும் கொஞ்சம் முடி இருந்தது. ஸ்டுடியோ நீலச் சட்டை அத்தையின் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது.

கூட்டுப் படம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதிலும் நீங்கள் யார் என்று தேடவைக்க வேண்டாம். படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அளவு குறுகித் தெளிவு போய்விடும்.

நிஜ வாழ்க்கையைக் காட்டும் படத்துக்கென்றே ஒரு ஆபத்து உண்டு, ஸ்டுடியோ படத்தில் அது இல்லை. அவன் பேட்மின்டன் விளையாடும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பெஞ்சில் அவன் பை, அதில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை, கம்பெனி பெயர் தெளிவாக. மொட்டைமாடிப் படத்தின் மூலையில் கீழே நிற்கும் பைக்கின் நம்பர் பிளேட். பெண்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம்: வீட்டு வாசல், தெருப் பெயர்ப் பலகை, தினமும் போகும் கடையின் பெயர் எதுவும் உள்ளே வரக்கூடாது. இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே போட்ட படத்தை இங்கேயும் போட்டால், படத்தை வைத்துத் தேடியே சிலர் உங்கள் முழுப் பெயருக்கு வந்துவிடலாம். அக்கா குழந்தையைத் தூக்கிவைத்திருந்த ஒரு படமும் இருந்தது, அழகான படம். குழந்தையின் படத்தை அக்காவைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றேன். போன் போட்டுக் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டார்.