நீண்ட ஸ்லைட் தொகுப்பில் பிரிப்பும் மேற்கோளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது ஸ்லைட்டைத் தாண்டிய எந்தத் தொகுப்பிலும் கேட்பவருக்குக் களைப்பு வருவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். வரைபடம், அட்டவணை, மறுபடி வரைபடம் என்று ஒரே அடர்த்தியில் பத்துப் பன்னிரண்டு ஸ்லைட்டுகள் போன பிறகு, எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோகும். புதிய பகுதி தொடங்குவதைக் காட்டும் பிரிப்பு ஸ்லைட்டும், ஒருவரின் வாசகத்தை மட்டும் காட்டும் மேற்கோள் ஸ்லைட்டும் அந்த இடத்துக்கென்றே உள்ளவை. ஆனால் பெரும்பாலான கோப்புகளில் இவை கடைசி இரவில், எல்லாம் முடிந்த பிறகு, வெறும் அலங்காரமாகச் செருகப்படுகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் பற்றி 45 நிமிடம் பேசுவதற்கு ஒரு கோப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 44 ஸ்லைட். தலைப்பு ஒன்று, பொருளடக்கம் ஒன்று, பிரிப்பு ஐந்து, மேற்கோள் மூன்று, விடயம் சொல்பவை 34. பகுதிகளும் அவற்றில் உள்ள விடய ஸ்லைட்டுகளும் இப்படி: அறிமுகம் 3, நிலவியற் பின்னணி 12, ஆய்வு முறை 2, பெறுபேறுகள் 13, முடிவுரை 4. பார்வைக்கு ஒழுங்கான கோப்பு. ஆனால் இதில் மூன்று பெரிய தவறுகள் இருக்கின்றன.

அறிக்கையின் அத்தியாயங்களை அப்படியே பிரிப்பாக வைப்பது

எழுத்து அறிக்கையில் ஆய்வு முறைக்குத் தனி அத்தியாயம் தேவை. வாசிப்பவர் பக்கத்தைப் புரட்டித் தேடுவார். திரையில் அப்படியில்லை. இந்தக் கோப்பில் 21ஆவது ஸ்லைட் ஒரு பிரிப்பு, 22 மேற்கோள், 23உம் 24உம் விடயம், 25 மீண்டும் பிரிப்பு. ஐந்து ஸ்லைட்டில் மூன்று நிறுத்தம். அதற்குப் பிறகு 26இலிருந்து 38 வரை பதின்மூன்று ஸ்லைட்டுக்கு மூச்சு விட இடமே இல்லை. இப்படி நிறுத்தங்கள் ஓரிடத்தில் குவிந்து இன்னோரிடத்தில் இல்லாமற்போனால், அவை எத்தனை அழகாக இருந்தாலும் தாளம் பிடிபடாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பவர்பொயின்ற்றில் இடப்பக்கச் சிறுபட வரிசையில் ஒவ்வொரு பிரிப்பு ஸ்லைட்டுக்கும் முன்னால் வலச்சொடுக்கி `Add Section` கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஏதாவது ஒரு பகுதிப் பெயரில் வலச்சொடுக்கி `Collapse All` கொடுத்தால் பெயர்களும் ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்லைட் என்ற எண்ணும் மட்டும் நிற்கும். எண்கள் ஒன்றுக்கொன்று மூன்று நான்கு மடங்கு வேறுபட்டால் பிரிப்பு தவறான இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு பிரிப்புகளுக்கு இடையில் ஆறு முதல் ஒன்பது விடய ஸ்லைட் என்பது நல்ல அளவு. கடைசிப் பகுதி மட்டும் குறைவாக இருக்கலாம். முடிவை நெருங்கும்போது வேகம் கூடுவது இயல்பு.

எடுத்துக்காட்டுக் கோப்பில் ஒரு விடய ஸ்லைட்டைக்கூட வெட்டாமல் இதைச் சரிசெய்யலாம். அறிமுகத்தின் மூன்றையும் நிலவியலின் முதல் ஐந்தையும் சேர்த்தால் எட்டு. நிலவியலில் எஞ்சியவை ஏழு. ஆய்வு முறையின் இரண்டும் பெறுபேறுகளில் நைத்திரேற்றுப் பற்றிய ஆறும் சேர்ந்து எட்டு. பெறுபேறுகளில் எஞ்சியவை ஏழு. கடைசியில் நான்கு. பிரிப்புகள் முன்போல ஐந்துதான், இடம்தான் மாறியிருக்கிறது.

இப்படி மாற்றியவுடன் பழைய பெயர்கள் பொருந்தாமற்போகும். அது நல்லதுதான். ‘பின்னணி’, ‘பெறுபேறுகள்’ என்ற தலைப்புகள் எந்தக் கோப்புக்கும் பொருந்துபவை; கேட்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அந்தப் பகுதி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதோ அதையே பெயராக வையுங்கள்: ‘மாரி மழை எங்கே போகிறது?’, ‘கடல்நீர்மேல் மிதக்கும் நன்னீர்’, ‘தோட்டத்து உரம் கிணற்றுக்கு வரும் வழி’, ‘கோடையில் உவர்ப்பது ஏன்?’, ‘இனிச் செய்யக்கூடியவை’. இந்த ஐந்தையும் மட்டும் தொடர்ந்து வாசித்தாலே பேச்சின் போக்குப் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் பிழை பிரிப்பு ஸ்லைட்டில் இல்லை, பகுதிகளின் வரிசையில் இருக்கிறது.

ஆங்கில வார்ப்புருவில் தமிழை ஊற்றுவது

பவர்பொயின்ற்றின் வழமையான வார்ப்புருவில் `Section Header` என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தலைப்பு 60 புள்ளி, வரி இடைவெளி 90 வீதம். ஆங்கிலத்தில் இரண்டு சிறு சொற்களுக்கு இது எடுப்பாக இருக்கும். தமிழில் மூன்று இடத்தில் உடையும்.

முதலாவது வரி இடைவெளி. மேல்வரியில் ‘மு’, ‘ழு’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் சுழிகள் கீழே இறங்கும். கீழ்வரியில் ‘தி’, ‘தீ’ போன்றவற்றின் மேல்வளைவுகள் மேலே எழும். 90 வீதத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். `Paragraph` பெட்டியில் `Line Spacing` என்பதை `Multiple` ஆக்கி 1.1 அல்லது 1.2 கொடுங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது சிறிது மாறும். சுழியும் மேல்வளைவும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதுதான் அளவுகோல்.

இரண்டாவது சொல்லின் நீளம். ‘நிலத்தடிநீர்ப்பாதுகாப்பு’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் 60 புள்ளியில் அது பெட்டியின் அகலத்தைப் பெரும்பாலும் தின்றுவிடும். பெட்டி குறுகலாக இருந்தால் சொல்லின் நடுவில் கண்டபடி உடையும். ‘நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு’ என்று பிரித்து எழுதுவது முதல் உதவி. எழுத்தை 44 புள்ளிக்குக் குறைப்பது அடுத்தது. வரி எங்கே முறிய வேண்டும் என்பதைப் பெட்டியிடம் விடாமல் `Shift+Enter` கொடுத்து நீங்களே தீர்மானியுங்கள். வெறும் `Enter` புதிய பந்தியைத் தொடங்கும். பந்தி இடைவெளியும் கூடவே வந்து தலைப்பு இரண்டு துண்டாகத் தெரியும். முறிப்பு பொருளோடு போக வேண்டும்: ‘தோட்டத்து உரம் / கிணற்றுக்கு வரும் வழி’ சரி, ‘தோட்டத்து உரம் கிணற்றுக்கு / வரும் வழி’ தடுக்கும்.

மூன்றாவது எழுத்துகளுக்கிடையிலான இடைவெளி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை அகல விட்டு எழுதுவது பிரிப்புத் தலைப்புக்கு ஒரு கம்பீரத்தைத் தரும். அதே அமைப்பைத் தமிழுக்குக் கொடுத்தால் ‘கொ’ என்ற ஓர் எழுத்தின் கொம்பும் மெய்யும் காலும் தனித்தனியாக விலகி நின்று, மூன்று எழுத்துப்போலத் தெரியும். சாய்வெழுத்தும் அப்படித்தான்: பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரையப்பட்ட சாய்வு வடிவம் இல்லை, கணினி நிமிர்ந்த எழுத்தை வெறுமனே தள்ளிச் சாய்க்கிறது. தமிழில் அழுத்தம் வேண்டுமானால் தடிப்பாலும் அளவாலும் நிறத்தாலும் மட்டும் கொடுங்கள்.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் `View > Slide Master` போய் `Section Header` அமைப்பில் ஒரே தடவை செய்யுங்கள். ஐந்து பிரிப்பையும் தனித்தனியாகத் திருத்தினால் தலைப்பு ஒவ்வொன்றிலும் ஓரிரு மில்லிமீற்றர் நகர்ந்திருக்கும். ஸ்லைட்டுகளைப் புரட்டும்போது அந்தத் துள்ளல் கண்ணில் குத்தும். பிரிப்பின் பின்னணி நிறமும் அங்கேயே இருக்கட்டும், விடய ஸ்லைட்டுக்கு நேரெதிராக. விடயம் வெள்ளையில் என்றால் பிரிப்பு கடும் நீலத்தில் அல்லது கடும் பச்சையில். ஒன்றை மட்டும் கவனியுங்கள். யன்னல் திறந்திருக்கும் பகல் மண்டபத்தில் புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது; கடும் நிறம் சாம்பலாக வெளிறும். அதன்மேல் மெல்லிய வெளிர்மஞ்சள் எழுத்துக் கரைந்துபோகும். தடித்த வெள்ளை எழுத்துத் தாங்கும்.

மேற்கோளைப் பிரிப்பின் அருகில் வைப்பது

எடுத்துக்காட்டுக் கோப்பில் மூன்று மேற்கோளும் பிரிப்புக்கு அடுத்த ஸ்லைட்டாக இருந்தன. பகுதியைத் தொடங்கிவைக்க ஒரு நல்ல வாசகம் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் பிரிப்பே ஒரு நிறுத்தம். அதன் பின்னால் இன்னொரு நிறுத்தம் வந்தால் பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்றே சபைக்குத் தோன்றும். மேற்கோளின் இடம் பகுதியின் நடுப்பகுதி: நான்கு கனமான ஸ்லைட் போன பிறகு, சொன்ன விடயம் மனித வாயிலிருந்து வர வேண்டிய இடத்தில்.

முதற்பகுதியில் மழைக் கணக்கைச் சொல்லும் நான்கு ஸ்லைட்டுக்குப் பிறகு மழை பற்றிய குறள். நான்காம் பகுதியில் உவர் அளவீட்டு வரைபடங்கள் நான்குக்குப் பிறகு ஒரு தோட்டக்காரரின் சொல். மூன்றாவதாக இருந்தது ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பொது வாசகம். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற அந்த வாசகம் இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம். இப்போது மொத்தம் 43. பிரிப்புகள் 3, 13, 21, 30, 39ஆவது இடங்களில். மேற்கோள்கள் 8ஆவதும் 35ஆவதும். நிறுத்தங்கள் இனி ஓரிடத்தில் குவியாமல் பரந்து விழுகின்றன. இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் பகுதிகளுக்கு மேற்கோள் இல்லை. எல்லாப் பகுதிக்கும் ஒன்று என்று கட்டாயப்படுத்தினால் அதுவும் சலிக்கும்.

நீளம்தான் மேற்கோளை அதிகம் கெடுப்பது. 16:9 ஸ்லைட்டின் அகலம் 13.33 அங்குலம். இருபுறமும் தாராளமாக ஓரம் விட்டு 10 அங்குலப் பெட்டியில் 40 புள்ளித் தமிழ் எழுதினால் ஒரு வரிக்கு ஏறக்குறைய இருபது எழுத்துதான் கொள்ளும். நான்கு வரிக்குள் முடிய வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு சொல் எல்லை. நேர்காணலில் எடுத்த அறுபது சொல்லை அப்படியே ஒட்டினால் `Shrink text on overflow` அதைச் சத்தமில்லாமல் 20 புள்ளிக்குக் குறைத்துவிடும். பின்வரிசைக்கு அது வெறும் கோடு. அந்தப் பெட்டிக்கு `Do not Autofit` கொடுத்துவிட்டால் எழுத்து வெளியே வழிந்து உங்களுக்கு உண்மையைக் காட்டும். அதன் பிறகு சொற்களை வெட்டுங்கள், அளவை அல்ல. வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். சொன்னவரின் பேச்சுநடையை எழுத்துநடையாக மாற்றாதீர்கள். ‘உப்புத் தண்ணியாப் போச்சு’ என்றவரை ‘உவர்நீராக மாறிவிட்டது’ என்று சொல்லவைத்தால் அது மேற்கோளே அல்ல.

குறளுக்கு ஒரு தனிக் கவனம். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. அந்த முறிப்பு கலைந்தால் நம் சபையில் முதல்வரிசையில் இருக்கும் தமிழாசிரியர் அதை மட்டுமே பார்ப்பார். முதலடி ஒரு வரியில் கொள்ளும் வரை எழுத்தைக் குறையுங்கள், அல்லது பெட்டியை 11 அங்குலத்துக்கு அகட்டுங்கள்.

மேற்கோளின் பின்னணி பிரிப்பின் நிறமாக இருக்கக்கூடாது. இரண்டும் ஒரே நிறமானால் புதிய பகுதி தொடங்கிவிட்டது என்று சபை நினைக்கும். மேற்கோள் ஸ்லைட்டில் மட்டும் வெள்ளைக்குப் பதிலாக மெல்லிய மணல் நிறம் வைத்தால் போதும். சொன்னவர் யார் என்பது 20 முதல் 24 புள்ளிக்குள், மேற்கோளுக்குக் கீழே. திரையில் வந்ததும் நீங்கள் மேற்கோளை வாய்விட்டு வாசிக்க வேண்டாம். மனதுக்குள் இரண்டு தடவை வாசிக்கும் நேரம் பேசாமல் நின்றுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மண்டபக் கணினியில் எழுத்து மாறுவது

இவ்வளவும் சரியாக இருந்தும் இங்கே அடிக்கடி நடக்கும் ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் தலைப்புகளைப் பாமினியில் தட்டச்சு செய்திருப்பார்கள். பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் ‘யாழ்ப்பாணம்’ என்பது `aho;g;ghzk;` என்று விழும். சிறிய எழுத்தில் விழுந்தால் ஒரு வரி போகும். பிரிப்பு ஸ்லைட்டில் முழுத்திரையும் போகும். தலைப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றி, `Nirmala UI` அல்லது `Noto Sans Tamil` வையுங்கள். முதலாவது விண்டோஸ் 8இலிருந்து கூடவே வருவது. இரண்டாவதை வைத்தால் `File > Options > Save` போய் `Embed fonts in the file` என்பதைத் தெரிவு செய்து, கீழே `Embed all characters` கொடுத்துச் சேமியுங்கள். பிறகு அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்து `View > Slide Sorter` போங்கள். சிறுபடங்களை எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஐந்து கடும்நிறக் கட்டங்களும் இரண்டு மணல்நிறக் கட்டங்களும் எங்கே விழுந்திருக்கின்றன என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். வரி முறிப்புகள் நகர்ந்திருக்கின்றனவா என்பதை அந்த ஏழு ஸ்லைட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.